9 சதவீதமா, 12 சதவீதமா: ஒரு சங்கிலிக்காக ஏறி இறங்கிய இரண்டு நகைக்கடைகள்

"சேதாரம் 9 சதவீதம்தான், செய்கூலியே கிடையாது" என்ற கடையை விட்டுவிட்டு, 12 சதவீதச் சேதாரமும் அதற்கு மேல் செய்கூலியும் கேட்ட கடையில் சங்கிலி எடுத்தேன். வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. அண்ணி மட்டும் என்னோடு இரண்டு கடைக்கும் வந்திருந்ததால் அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தாளில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தேவை எளிமையானது. கையில் ஒரு பழைய கல் அட்டிகை இருந்தது. பூட்டு தேய்ந்து, இரண்டு கல் விழுந்து, பெட்டியிலேயே கிடந்தது. அதைக் கொடுத்துவிட்டு 22 கேரட்டில் கல் இல்லாத சங்கிலி ஒன்று வாங்க வேண்டும். முதலில் போனது பெரிய கடை. இரண்டாவது, அப்பாவும் மகனும் நடத்தும் நடுத்தரக் கடை. பெயர் வேண்டாம், பெரிய கடை, சின்னக் கடை என்றே சொல்கிறேன்.

கணக்கு முழுவதையும் பணத்தில் சொல்லாமல் கிராமில் சொல்லப் போகிறேன். தங்கம் விலை தினமும் மாறும், ஆனால் நகைக்கடையில் நாம் இழப்பதும் பெறுவதும் கடைசியில் தங்கம்தான். கடைக்காரர் எந்தத் தொகையைச் சொன்னாலும் அதை அன்றைய கிராம் விலையால் வகுத்துவிட்டால், எத்தனை கிராம் தங்கத்துக்குச் சமமான பணத்தைக் கேட்கிறார் என்பது தெரிந்துவிடும். பார்த்த இரண்டு சங்கிலிகளும் 24 கிராமையொட்டி இருந்தன. ஒப்பிட வசதியாக இரண்டையும் சரியாக 24 கிராம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பில்லில் இருந்து தொடங்குவோம். பெரிய கடையில் முதலில் கொடுத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. அதில் மொத்த எடை இருந்தது, கீழே "நகை மதிப்பு" என்று ஒரே தொகை, அதற்குக் கீழே வரி. சேதாரம் எவ்வளவு என்று எங்கும் இல்லை. நகையில் கட்டியிருந்த சின்ன அட்டையில் 'வி.ஏ' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண் மட்டும் இருந்தது. சேதாரத்தையும் செய்கூலியையும் சேர்த்துக் கடைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் பெயர் அது.

போனை எடுத்து அந்தத் தொகையை போர்டில் இருந்த கிராம் விலையால் வகுத்துப் பார்த்தேன். 26.64 வந்தது. நகை 24 கிராம், மீதி 2.64 கிராம். அதை 24-ஆல் வகுத்தால் 11 சதவீதம். "9 என்று சொன்னீர்களே?" என்று கேட்டேன். விற்பனைப் பையன் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, 9 சாதா மாடலுக்கு, இது கொஞ்சம் வேலைப்பாடு உள்ளது" என்றான். மேலாளரிடம் போய்விட்டு வந்து 9-க்கே போட்டுத் தந்தான். அந்த வகுத்தலைச் செய்யாமல் இருந்திருந்தால் கிட்டத்தட்ட அரை கிராம் அங்கேயே போயிருக்கும். இரண்டு சதவீதம் என்று கேட்டால் சின்னதாகத் தெரிகிறது, 24 கிராமில் அது 0.48 கிராம்.

சின்னக் கடையில் எஸ்டிமேட்டே கையால் எழுதியதுதான். ஆனால் வரிசை சரியாக இருந்தது: மொத்த எடை, கல் எடை, நிகர எடை, தரம், அன்றைய கிராம் விலை, சேதாரம் இத்தனை சதவீதம், செய்கூலி இவ்வளவு, கடைசியில் வரி. பிறகு வந்த அச்சடித்த பில்லிலும் அதே வரிசை. சங்கிலியை நிறுக்கும் முன் அட்டையையும் நூலையும் கழற்றிவிட்டு, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மேலே சுற்றிய மின்விசிறியையும் நிறுத்தினார்கள். மூன்று தசமம் காட்டும் தராசில் காற்று பட்டாலே கடைசி எண் ஆடும். பெரிய கடையில் அட்டையோடு வைத்து நிறுத்தார்கள். கழற்றச் சொன்னபோது மறுக்கவில்லை, ஆனால் நாம் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, சேதாரத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் கையால் அராவி, இழைத்து, மெருகு போடும்போது துகளாகப் போகும் தங்கத்துக்கு ஈடாக வாங்கியது சேதாரம், உழைப்புக்கு வாங்கியது செய்கூலி. இன்றைக்கு இயந்திரத்தில் பின்னும் சங்கிலியில் துகள் போவது குறைவு, போகிற துகளையும் பட்டறையில் கூட்டி அள்ளிச் சுத்தம் செய்து எடுத்துவிடுவார்கள். ஆகவே கடையில் கேட்கும் சேதாரத்தில் பெரும்பகுதி கடையின் செலவும் லாபமும்தான். கடைக்கு லாபம் வேண்டும்தானே, அதில் எனக்கு வருத்தம் இல்லை. "செய்கூலி இல்லை" என்ற வார்த்தைக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். இரண்டையும் கூட்டி, நகையின் எடையில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் போதும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும், சதவீதமாக வாங்கும் கூலி தங்கம் விலை ஏற ஏறத் தானும் ஏறும். கிராமுக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாக வாங்கினால் அப்படி ஏறாது. விலை உயர்ந்து நிற்கும் காலத்தில் எந்த முறை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த அளவில் பெரிய கடைதான் மலிவு. 24 கிராமுக்கு 9 சதவீதம் 2.16 கிராம், ஆக 26.16 கிராமுக்கான பணம். சின்னக் கடையில் 12 சதவீதம் 2.88 கிராம், செய்கூலியைக் கிராமாக்கினால் 0.24, ஆக 27.12. பெரிய கடையில் ஏறக்குறைய ஒரு கிராம் மிச்சம். பழைய நகை எதுவும் இல்லாமல் பணத்தோடு மட்டும் போயிருந்தால் நானும் அங்கேயே வாங்கியிருப்பேன்.

கதை மாறியது அட்டிகையை எடுத்து வைத்தபோது.

பழைய பில் எங்களிடம் இருந்தது. மொத்த எடை 32.450 கிராம், கல் எடை 3.200 கிராம் என்று அதில் எழுதியிருந்தது. பெரிய கடையில் அட்டிகையை வாங்கி எடை போட்டார்கள், 32.400 இருந்தது, விழுந்த இரண்டு கல்லின் எடைதான் குறைவு. அப்புறம் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து ஒரு சீட்டு வந்தது. கல்லுக்கும் அரக்குக்கும் அழுக்குக்கும் சேர்த்து 5 கிராம் கழிவு. எப்படி 5 என்று கேட்டால், கல் நகைக்கு அப்படித்தான் போடுவோம் என்றார்கள். ஒரு கல்லைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. பழைய பில்லைக் காட்டினேன். அது வேறு கடை பில், நாங்கள் ஏற்க முடியாது என்றார்கள். அதைக்கூட ஓரளவு புரிந்துகொள்ளலாம், வேறு கடையின் கணக்குக்கு இவர்கள் பொறுப்பேற்க முடியாதுதான். ஆனால் அப்படியானால் கல்லைக் கழற்றி நிறுக்க வேண்டும் அல்லவா?

மீதி 27.400 கிராமில் உருக்குச் சேதம் என்று 4 சதவீதம் கழித்தார்கள். அது 1.096 கிராம். ஆக 26.304. இதோடு முடியவில்லை. பழைய தங்கத்துக்கு "எக்ஸ்சேஞ்ச் ரேட்" என்று தனி விலை இருந்தது, போர்டு விலையைவிட 2 சதவீதம் குறைவு. சங்கிலியை நமக்குக் கொடுப்பது போர்டு விலையில், அட்டிகையை எடுத்துக்கொள்வது குறைந்த விலையில். போர்டு விலையில் மாற்றிப் பார்த்தால் எங்கள் அட்டிகைக்குக் கிடைத்தது 25.778 கிராம். கல்லைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் இல்லையாம்.

உள்ளே எடுத்துப் போன அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரம் பார்த்தோம், 88 சதவீதம்தான் தங்கம் என்று வந்தது, அதனால்தான் 4 சதவீதம் என்றார்கள். எங்கள் முன்னால் இன்னொரு முறை பாருங்கள் என்று அண்ணி பிடிவாதமாக நின்றார். தங்கத்தின் தரத்தைக் காட்டும், கண்ணாடி மூடி போட்ட எக்ஸ்ரே மெஷினில் வைத்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். கதிர் விழும் இடம், பூட்டுக்குப் பக்கத்தில் பாகங்களை ஒட்டவைத்த பற்றுவைப்பின் மேல் இருந்தது. பற்றுப் பொடி நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும், அதற்காக அதில் வேறு உலோகம் கூடுதலாகக் கலப்பார்கள். அந்த இடத்தில் தரம் குறைவாகத்தான் காட்டும். தகட்டுப் பகுதிக்கு நகர்த்தி வைக்கச் சொன்னோம். 91.4 காட்டியது.

அந்த மெஷின் பொய் சொல்லாது, ஆனால் கதிர் படும் இடத்தின் மேல்தோலை மட்டும்தான் சொல்லும். அதே காரணத்தால் உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டலாம். அமிலத்தில் போட்டு வெளுத்த நகையில் மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்துபோய், மேல்தோல் மட்டும் தங்கம் மிகுந்து நிற்கும். ஆகவே 88-ஐயும் நம்பக்கூடாது, 91.4-ஐயும் அப்படியே நம்பக்கூடாது. பல பாகங்கள் சேர்த்துப் பற்றுவைத்த பழைய நகைக்கு, உருக்கிப் பார்ப்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் நியாயமான வழி.

சின்னக் கடையில் நடந்தது அதுதான். பெரியவர் அட்டிகையைக் கையில் வாங்கியதும் சொன்னார்: "அம்மா, உருக்கிட்டா இதைத் திரும்ப நகையா தர முடியாது. மனசு ஒப்பினா மட்டும் சொல்லுங்க. உருக்கின பிறகு நாங்க சொல்ற கணக்கு பிடிக்கலைன்னா, கட்டியாவே எடுத்துட்டுப் போகலாம், உருக்குக் கூலி மட்டும் கொடுத்தா போதும்." நாங்கள் வெளியே போய் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்து சரி என்றோம்.

கடைக்குப் பின்னால் சின்னப் பட்டறை. எங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரு ஆள் அட்டிகையை லேசாகச் சூடு காட்டி, அரக்கு இளகியதும் கல்லை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்து வெள்ளைத் தாளில் போட்டார். சிவப்புக் கல்லும், உள்ளே இருந்து வந்த கறுத்த அரக்குத் துண்டுகளும் சேர்த்து 3.150 கிராம். பழைய பில்லில் இருந்த 3.200-க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். இரண்டு கல் ஏற்கெனவே விழுந்திருந்ததே, அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு அது போதும். பெரிய கடையின் 5 கிராம் எங்கிருந்து வந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மீதி 29.250 கிராம் மூசைக்குள் போனது. வெண்காரம் தூவி, துருத்திச் சுவாலையில் காட்டியபோது முதலில் புகைந்தது, பிறகு மேலே ஆடை போல அழுக்கு ஒதுங்கி, நடுவில் கண் கூசும் ஒரு துளியாகத் தங்கம் சுழன்றது. அச்சில் ஊற்றித் தண்ணீரில் போட்டு எடுத்து நிறுத்தபோது 28.950. குறைந்தது 0.300 கிராம், அதாவது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். பெரிய கடை கழித்த 4 சதவீதத்தை நினைத்துக்கொண்டேன். கட்டியை இரண்டு பக்கமும் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள், 90.1 சதவீதம். உருக்கிய தங்கத்தில் பற்றுப் பொடியெல்லாம் கலந்து சீராகிவிடுவதால் இந்த எண்ணை நம்பலாம். 22 கேரட் என்றால் 91.6 இருக்க வேண்டும். இது ஒன்றரைப் புள்ளி குறைவு, பற்றுவைப்பு நிறைந்த பழைய வேலைக்கு எதிர்பார்க்கக்கூடியதுதான்.

அதை 22 கேரட் கணக்குக்கு மாற்றினார்கள். 28.950-ஐ 90.1-ஆல் பெருக்கி 91.6-ஆல் வகுத்தால் 28.476 கிராம். இதில் வேறு கழிவு எதுவும் இல்லை. விலையும் சங்கிலிக்குப் போட்ட அதே போர்டு விலை. உருக்குக் கூலி, அங்கேயே சங்கிலி எடுத்ததால் வாங்கவில்லை. கல்லைத் தாளில் மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய கடையில் சங்கிலிக்கு 26.16 கேட்டு, அட்டிகைக்கு 25.778 கொடுத்தார்கள். நாங்கள் மேற்கொண்டு 0.38 கிராமுக்குப் பணம் கட்ட வேண்டும். சின்னக் கடையில் சங்கிலிக்கு 27.12 கேட்டு, அட்டிகைக்கு 28.476 கொடுத்தார்கள். எங்களுக்கு 1.356 கிராம் மீதி வந்தது. வரியை நான் இதில் சேர்க்கவில்லை. மூன்று சதவீதம் குறைந்த சேதாரம் சொன்ன கடையில், கூட்டிக் கழித்தால் சுமார் 1.74 கிராம் கூடுதலாகப் போயிருக்கும்.

ஊழியர்களைப் பற்றிச் சொன்னால், சிரிப்பும் உபசரிப்பும் பெரிய கடையில்தான். நாற்காலி இழுத்துப் போட்டார்கள், இருபது மாடல் எடுத்துக் காட்டினார்கள், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. 5 கிராமை அவன் முடிவு செய்யவில்லை, கணக்கு கேட்டபோதெல்லாம் அவனும் உள்ளே ஓடிப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தான். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அதிகாரம் கவுண்டரில் நிற்கும் ஆளுக்கு இல்லை, அதுதான் குறை. கடைசியில் நாங்கள் வேண்டாம் என்றதும், அட்டிகை திரும்பி வரக் கால் மணி நேரம் ஆனது. வந்ததும் நாங்களே மறுபடி எடை போடச் சொல்லிச் சரிபார்த்தோம். யார் கடையானாலும் இதைச் செய்யாமல் வெளியே வரக்கூடாது.

சின்னக் கடையில் மகன் கொஞ்சம் சிடுசிடுப்பு. மாடல் அதிகம் காட்டச் சொன்னால் "இவ்வளவுதான் இருக்கு" என்பார். சேதாரத்தைக் குறைக்கக் கேட்டதற்கு, முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் நகை ஒரு நிமிடம்கூட எங்கள் கண்ணை விட்டு மறையவில்லை. ஒவ்வொரு எடையையும் தராசைப் பார்க்கச் சொல்லி, நாங்கள் தலையாட்டிய பிறகுதான் எழுதினார். பழைய நகையைக் கொண்டு போகும்போது எனக்கு வேண்டிய மரியாதை இதுதான்.

இனி புதுச் சங்கிலியைப் பின்னால் மாற்ற நேர்ந்தால் என்ன ஆகும் என்றும் இரண்டு இடத்திலும் கேட்டோம். பெரிய கடையில், அவர்கள் கடை நகையை அவர்களிடமே மாற்றினால் நிகர எடைக்கு முழு மதிப்பு, கழிவு இல்லை. ஆனால் பணமாகத் தர மாட்டார்கள், வேறு நகைதான் எடுக்க வேண்டும், அதற்கு மறுபடி சேதாரம் உண்டு. சின்னக் கடையில் மாற்றினால் முழு மதிப்பு, பணமாக வேண்டுமென்றால் 2 சதவீதம் கழிவு. 24 கிராமில் அது 0.48 கிராம். அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்ற நிலை யாருக்கும் வரலாம் என்பதால் எனக்கு இரண்டாவது விதிதான் பிடித்தது. இதையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொன்னேன், தந்தார்கள்.

பட்டறைக்காரரிடமே நேராகக் கொடுத்துச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தெரிந்த, நம்பிக்கையான ஆள் இருந்தால் கூலி இன்னும் குறையும். ஆனால் செய்து முடித்த நகையைத் தர முத்திரைக்கு அனுப்பித் தருவாரா, பில் தருவாரா என்ற இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவர் இரண்டாவதற்குத் தலையைச் சொறிந்தார், அதனால் விட்டுவிட்டோம்.

ஆக, பழைய நகை இல்லாமல் பணம் கொடுத்து வாங்குபவர், மாடல் நிறையப் பார்க்க வேண்டும் என்பவர், மாற்றினாலும் அதே கடையில்தான் மாற்றுவேன் என்பவர் பெரிய கடைக்கே போகலாம். எஸ்டிமேட் தொகையைக் கிராம் விலையால் வகுத்துப் பார்த்து, சதவீதத்தைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டால் போதும். கல் வைத்த பழைய நகையைக் கொடுத்து வாங்குபவர், கல்லைக் கண்முன் கழற்றி நிறுத்து, கண்முன் உருக்கி, வாங்கும் விலையிலேயே எடுத்துக்கொள்ளும் கடையைத் தேடுங்கள். அங்கே சேதாரம் இரண்டு மூன்று சதவீதம் கூட இருந்தாலும் பேரம் பேசி நேரத்தைச் செலவிட வேண்டாம். பழையதில் எவ்வளவு கழிப்பீர்கள், எந்த விலையில் எடுப்பீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் மாடல் பார்க்க உட்காருங்கள்.